முன்பணம் கேட்டு ஒரு செய்தி

புதிதாகக் கட்டிய வீடு. சமையலறைக்கு மேலும் கீழும் அடுக்குகள், இரண்டு படுக்கையறைகளுக்கும் பரணோடு சேர்ந்த அலமாரிகள். ஒரு சிறிய மரவேலைப் பட்டறை இந்த வேலையை 4,80,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியை. கொட்டேஷனைப் பார்த்தாயிற்று, வரைபடம் பிடித்துவிட்டது, “ஆரம்பிச்சிடுங்க” என்றும் சொல்லிவிட்டார். இப்போது பட்டறைக்காரர் அவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் முன்பணம் வேண்டும் என்று கேட்கிற செய்தி.

கை நிறையத் தொழில் வைத்திருப்பவர்கள்கூடத் தடுமாறுகிற இடம் இது. பெரும்பாலும் அந்தச் செய்தி இப்படித்தான் எழுதப்படுகிறது: “தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், மெட்டீரியல் எடுக்கணும், கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்.” பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், எதற்காக, கொடுத்தால் என்ன நடக்கும் என்று எதுவும் இதில் இல்லை. படிக்கிறவருக்கு இரண்டு எண்ணம் வரலாம். ஒன்று, இவர் கையில் பணமில்லாமல் கஷ்டப்படுகிறார் போலிருக்கிறது. இன்னொன்று, பத்தாயிரம் கொடுத்தால் போதும். ஆசிரியை பத்தாயிரம் அனுப்பிவிட்டு, தன் பங்கைச் செய்துவிட்டதாக நிம்மதியாக இருப்பார். அவர் மேல் தவறே இல்லை. ‘கொஞ்சம்’ என்றுதானே கேட்டார்கள்?

முன்பணம் கேட்பதில் மரியாதை என்பது குழைவான சொற்களில் இல்லை. எதிரில் இருப்பவருக்குத் தெரியவேண்டிய கணக்கு முழுவதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவதில் இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

பாதித் தொகை எங்கிருந்து வந்தது?

4,80,000 ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது கணக்கின் போக்கைக் காட்டுவதற்கான உதாரணம். ப்ளைவுட்டுக்கும் லேமினேட்டுக்கும் 2,01,000. பசை, ஆணி, ஓரப்பட்டிக்கு 12,000. கீல், சேனல், கைப்பிடி, சமையலறைக் கூடைகளுக்கு 70,000. இரண்டு தச்சர்களுக்கும் ஓர் உதவியாளுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 3,200. நாற்பது நாளுக்கு 1,28,000. வண்டிச் செலவு 14,000. இத்தனையும் போக மிஞ்சுவது 55,000. பட்டறை வாடகை, கரண்ட் பில், இயந்திரத் தேய்மானம், உரிமையாளரின் உழைப்பு எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான்.

இந்தச் செலவுகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. பலகையும் லேமினேட்டும் பசையும் முதல் நாளே வந்தாக வேண்டும், அது 2,13,000. கீலும் சேனலும் பெட்டிகள் நின்ற பிறகுதான் தேவைப்படும். முதல் இரண்டு வாரத்தில் பலகைகளை வெட்டிப் பெட்டிகளாகச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு வேலை நாளின் கூலி 38,400. ஆக, வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கும்படி ஏதாவது உருவாவதற்குள் 2,51,400 ரூபாய் செலவாகியிருக்கும். மொத்தத் தொகையில் இது பாதிக்குச் சற்று மேல்.

பாதி முன்பணம், அதாவது 2,40,000 என்ற தொகை இங்கிருந்துதான் பிறக்கிறது. மீதி 11,400 ரூபாயைப் பட்டறை தன் கையிலிருந்து போட்டுக்கொள்ளும். எல்லோரும் கேட்கிறார்கள் என்பதற்காகவே ஐம்பது சதவீதம் கேட்டால், ‘ஏன் பாதி?’ என்று வீட்டுக்காரர் கேட்கும்போது பதில் இருக்காது. வேலையின் தன்மை மாறினால் இந்தத் தொகையும் மாற வேண்டும். பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தருகிற கூலி ஒப்பந்தத்தில் பாதி முன்பணம் கேட்பது நியாயமில்லை. இரண்டு வாரக் கூலி போதும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வாங்கிய பொருளில் எது திரும்பப் போகும், எது போகாது? வெட்டாத ப்ளைவுட் பலகையை அடுத்த வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பாசிப்பச்சை லேமினேட்டை வேறு வீட்டில் ஒட்ட முடியாது. ஆர்டர் போட்டு வரவழைத்த நிறத்தைக் கடைக்காரரும் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார். அவர் வீட்டு அளவுக்கு வெட்டிய பலகை அவர் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். வேலை பாதியில் நின்றால் மீட்க முடியாத இந்தப் பணத்தைக் காப்பதுதான் முன்பணத்தின் முதல் வேலை.

முன்பணம் வாங்காமல் தொடங்குகிறவர் கடன் வாங்கித்தான் பலகை எடுப்பார். இரண்டு லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆறாயிரம். இரண்டு மாதத்தில் பன்னிரண்டாயிரம், அவருக்கு மிஞ்சவேண்டிய 55,000 ரூபாயிலிருந்து போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத் தரம் குறைந்த பலகையைப் போடத் தோன்றும். முடிவில் இழப்பது வீட்டுக்காரரும்தான்.

எப்போது சொல்வது?

முன்பணச் செய்தி ஒருபோதும் முதல் தகவலாக இருக்கக் கூடாது. முதல் முறை அளவெடுக்கப் போகும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும்: “மேடம், பாதி முன்பணம் வாங்கிட்டுத்தான் பலகை எடுப்போம், மீதி வேலை நடக்க நடக்க மூணு தவணை.” பிறகு கொட்டேஷனின் கடைசியில் அதே தவணைகளை எழுத வேண்டும். இந்த வேலைக்கு அவை இப்படி அமையலாம்: தொடங்கும் முன் 2,40,000, பெட்டிகள் சுவரில் நின்றதும் 1,44,000, கதவுகள் மாட்டியதும் 72,000, எல்லாம் முடிந்து ஒரு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு 24,000.

அந்தக் கடைசி 24,000 ரூபாயின் மதிப்பு பெரியது. கதவு தட்டுகிறதா, இழுப்பறை சிக்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்ற பிடி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. முன்னால் பெரிய தொகையைக் கொடுப்பவருக்குப் பின்னால் ஒரு பிடி இருந்தால்தான் மனம் ஒப்பும். முன்பணம் வாங்கிக்கொண்டு போன் எடுக்காமல் போன ஆட்களைப் பற்றி எல்லா ஊரிலும் கதை உண்டு. ஆசிரியையும் கேட்டிருப்பார். செய்தி அந்தப் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கொட்டேஷனுக்கு ஒப்புதல் வந்த பிறகு, பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் செய்தி போக வேண்டும். ஒப்புதல் வந்த ஓரிரு நாளுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. நாள் தள்ளினால் வீட்டுக்காரர் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிடுவார்; கடையில் விலையும் மாறலாம்.

செய்தி

இனி அந்தச் செய்தியை எழுதிப் பார்ப்போம்.

“வணக்கம் மேடம். ஜூன் 3 அன்று நீங்கள் ஒப்புதல் தந்த கொட்டேஷன்படி சமையலறை, இரண்டு அலமாரி வேலைகளின் மொத்தத் தொகை ரூ. 4,80,000.

வேலையைத் தொடங்க முன்பணமாக ரூ. 2,40,000 அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் ரூ. 2,13,000 ப்ளைவுட், லேமினேட், பசைக்கு, ரூ. 27,000 ஆரம்பக் கூலிக்கு.

ஜூன் 10ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட்டால் 12ஆம் தேதி பலகை எடுத்து, 15ஆம் தேதி வேலையைத் தொடங்கிவிடுவோம். ஆகஸ்ட் 5க்குள் முடித்துத் தருவோம். பணம் வரத் தாமதமானால் இந்தத் தேதிகளும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

பலகை எடுத்த அன்றே கடை பில்லையும் லேமினேட் எண்ணையும் உங்களுக்கு அனுப்புகிறேன். பலகை எடுப்பதற்கு முன் வேலை வேண்டாம் என்று நினைத்தால் முழுப் பணத்தையும் மூன்று நாளில் திருப்பித் தருவேன். எடுத்த பிறகு நிறுத்தினால், பொருள் செலவையும் அதுவரை ஆன கூலியையும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவேன். வாங்கிய பொருள் உங்களுடையது.

வங்கிக் கணக்கு விவரம் கொட்டேஷனின் கீழே இருக்கிறது. பணம் வந்ததும் ரசீது தருகிறேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் மேடம். நன்றி.”

இதில் மன்னிப்பு கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. மிரட்டும் வரியும் இல்லை. முதல் வரி, ஏற்கெனவே இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு காகிதத்தைத் தேதியோடு நினைவூட்டுகிறது. அதனால் பின்னால் வருகிற கேள்வி புதிதாகத் தோன்றாது. அடுத்த வரி தொகையைச் சொல்லி, அது எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறது. பெரும்பகுதி பலகைக் கடைக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும், ‘இவர் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ’ என்ற பயம் பாதி குறையும்.

தேதிகள் இருக்கும் பத்திதான் செய்தியின் முதுகெலும்பு. பணம் தள்ளினால் வேலை தள்ளும் என்பதை இந்த ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று நெருக்க வேண்டியதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். ஜூன் 15 முதல், ஞாயிறு விடுமுறை போக நாற்பது வேலை நாள் என்றால் ஜூலை முடிந்துவிடும். அதற்கு மேல் சில நாள் கையிருப்பாக வைத்துத்தான் ஆகஸ்ட் 5 என்று சொல்லப்பட்டிருக்கிறது. காப்பாற்ற முடியாத தேதியை முன்பணம் வாங்குவதற்காகச் சொல்லக் கூடாது.

பில்லை அனுப்புகிறேன் என்ற வாக்குறுதிக்கு நடைமுறையில் பொருள் உண்டு. தண்ணீர் படும் சமையலறைக்குப் போடவேண்டியது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான ரகம்; விலையும் குறைவு. பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் படமெடுத்துப் பில்லோடு சேர்த்து அனுப்பினால், தன் பணம் எந்தப் பலகையாக மாறியது என்று வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

பலர் கொட்டேஷனில் ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். இது உறவையும் கெடுக்கும், சட்டத்திலும் முழுதாக நிற்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் முறிந்தால் கேட்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவைத்திருந்தாலும் அது உச்ச வரம்புதான். முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பலகையே எடுக்காத நிலையில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் வைத்துக்கொள்ள எந்தப் பட்டறைக்கும் நியாயம் இல்லை. பலகையை வெட்டிய பிறகு அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முழு நியாயம் உண்டு. நம் செய்தியின் நான்காவது பத்தி இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறது.

அதே பத்தி வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காவிட்டால் இந்தச் செய்தியும் வங்கிப் பதிவும் ரசீதும் நுகர்வோர் ஆணையத்தில் சான்றாகும். வேலையின் மதிப்பு ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமே கிடையாது.

பணம் வரும் வழி

ஒரே வேலைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே வேலைக்கான பணம் என்றால் சேர்த்துத்தான் கணக்கு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. ‘கையிலேயே தர்றேன்’ என்று வீட்டுக்காரர் சொன்னால், “பேங்க்ல போட்டுடுங்க மேடம், ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது” என்று சொல்லிவிடலாம். யு.பி.ஐ.யில் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். ஆகவே இந்த அளவுத் தொகைக்கு வங்கிக் கணக்கு எண்ணையே தருவது நல்லது.

பட்டறை ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால், கேட்கும் தொகையில் வரி அடக்கமா, தனியா என்று செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். பொருளை விற்பதற்கான முன்பணத்துக்கு, வாங்கும்போதே வரி கட்டத் தேவையில்லை என்ற விதி 2017 நவம்பரில் வந்தது. ஆனால் சேவைக்கான முன்பணத்துக்கு, பணம் வந்த உடனேயே வரிப் பொறுப்பும் வந்துவிடுகிறது. சுவரோடு பொருத்தித் தரும் வேலை எந்த வகையில் சேரும் என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துக் கணக்காளர் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டுத் தொகையை எழுத வேண்டும்.

பணம் அனுப்பியதாக வரும் படத்தை மட்டும் நம்பிப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது. போலிப் படம் தயாரிப்பது எளிது. தன் வங்கிக் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் போனிலேயே பெரிய ஆர்டர் கொடுத்து, முன்பணம் தருவதாகச் சொல்லி ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அனுப்பி, ‘ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்’ என்றால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை. போட்டால் நம் பணம்தான் போகும்.

தயங்கினால்

செய்தி போன பிறகு மூன்று விதமான பதில் வரலாம். பணம் வந்துவிட்டால் பேச்சில்லை. பதிலே இல்லையென்றால், குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சின்ன நினைவூட்டல் போதும்: “வணக்கம் மேடம். 15ஆம் தேதி வேலை தொடங்க ஆட்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். 10ஆம் தேதிக்குள் முன்பணம் அனுப்ப முடியுமா, இல்லை தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.” இதில் மறுக்கவும் வழி இருக்கிறது, தள்ளிப்போடவும் வழி இருக்கிறது. அதனால் பதில் வரும்.

மூன்றாவது பதில்தான் கடினமானது: “இப்ப ஒரு இருபதாயிரம் வாங்கிக்கோங்க, ஆரம்பிச்சிடுங்க. எங்க மேல நம்பிக்கை இல்லையா?” இங்கே தொகையைக் குறைத்துக்கொண்டு தொடங்குவதுதான் பெரிய தவறு. ஏனென்றால் பலகையின் விலை குறையவில்லை. தொகையை விடாமல் முறையை மாற்றிக்கொடுக்கலாம். “மேடம், பலகைப் பணத்தை நீங்களே கடைக்கு நேரா கட்டிடுங்க, பில்லும் உங்க பேர்லயே வரட்டும், எனக்குக் கூலி முன்பணம் மட்டும் போதும்” என்று சொல்லலாம். அல்லது வேலையைப் பிரிக்கலாம்: முதலில் சமையலறை மட்டும், அதற்குரிய பாதித் தொகை, அது முடிந்த பிறகு அலமாரிகள். இரண்டு வழியிலும் வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் கொடுக்கும் துணிச்சல் குறைந்தால் போதும். பட்டறையின் பாதுகாப்பு குறைவதில்லை. இதற்கும் உடன்படாமல் தொடங்கச் சொல்லி மட்டும் வற்புறுத்துகிறவரிடம் அடுத்த தவணையும் எளிதாக வராது. அந்த வேலையை மரியாதையோடு விட்டுவிடலாம்.

சொந்தக்காரர் வீட்டு வேலையில்தான் பலர் இந்தச் செய்தியையே அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மாமா வீட்டுக்கு எப்படி எழுத்தில் கேட்பது என்று கூச்சம். ஆனால் கடைக்காரர் மாமாவுக்கென்று கடன் தரமாட்டார். “மாமா, கடைக்குப் பணம் கட்டினாத்தான் பலகை வரும். கணக்கு எழுதி அனுப்பியிருக்கேன், பாருங்க” என்று வாயால் சொல்லிவிட்டு, அதே செய்தியை ‘மேடம்’ என்ற இடத்தில் ‘மாமா’ என்று மாற்றி அனுப்பலாம். உறவில் சண்டை பெரும்பாலும் கேட்டதால் வருவதில்லை. கேட்காமல் விட்டுப் பிறகு மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வேலை செய்வதால் வருகிறது.

பெரிய வேலை ஒப்புக்கொள்கிறவர்கள் தொகை, காரணம், தேதி, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுதிவிட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகே கடைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். வேலை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இப்படிக் கணக்கோடு ஒரு செய்தி வந்தால், அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் எங்கே போகிறது என்று எழுத்தில் சொல்லத் துணிகிறவரிடம்தான் உங்கள் பணத்தைக் கொடுக்கலாம்.